திரவத்தன்மை: நிலையான வைப்பும் காணித் துண்டும்

கேள்வி: கையில் 20 இலட்சம் இருக்கிறது. வங்கியில் நிலையான வைப்பில் போடவா, கோப்பாய்ப் பக்கம் ஒரு பரப்புக் காணி வாங்கவா? காணிக்குத் 'திரவத்தன்மை' குறைவு என்று ஒருவர் சொன்னார். இரண்டுமே என் சொத்துத்தானே, என்ன வித்தியாசம்?

அவசரம் வரும்போது அந்தச் சொத்து எத்தனை நாளில் காசாகும், காசாகும்போது அதன் பெறுமதியில் எவ்வளவு கழியும்: திரவத்தன்மை என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான். நாளை விற்கலாம், ஆனால் பாதி விலைக்குத்தான் என்றால் அதுவும் திரவத்தன்மை இல்லாத சொத்துத்தான்.

முதலில் வைப்பைப் பாருங்கள். 20 இலட்சத்தை ஆண்டுக்கு 8 வீத வட்டியில் ஒரு வருடத்துக்குப் போட்டு, மாதாமாதம் வட்டி எடுக்கிறீர்கள் என்று வைப்போம். ஏழாம் மாத முடிவில் 5 இலட்சம் தேவைப்படுகிறது. முழு வைப்பையும் முறித்தால், காசு கிடந்த காலத்துக்கு வங்கி குறைந்த வீதத்தில்தான் வட்டி தரும். அது 5 வீதம் என்று எடுத்தால், ஏழு மாதத்துக்கு உங்களுக்குச் சேர வேண்டியது 58,333 ரூபா. நீங்கள் ஏற்கனவே எடுத்துவிட்டதோ 93,333. கூடுதலாக எடுத்த 35,000 ரூபாவை வங்கி உங்கள் முதற்காசிலிருந்து கழிக்கும். மாதவட்டி எடுப்பவர்கள் பலர் இதைக் கண்டு திகைப்பார்கள். ஆனாலும் 19 இலட்சத்து 65 ஆயிரம் பெரும்பாலும் அன்றைக்கே கைக்கு வந்துவிடும்.

இந்த நட்டத்தையும் குறைக்கலாம். ஒரே வைப்பாகப் போடாமல் ஐந்து ஐந்து இலட்சமாக நாலு வைப்பாகப் போட்டிருந்தால் ஒன்றை மட்டும் முறித்தால் போதும், நட்டம் 8,750 ரூபா. முறிக்காமல் வைப்பின் மேல் கடனும் எடுக்கலாம். வைப்பு வட்டியிலும் 2 வீதம் கூட்டி 10 வீதத்துக்குத் தருகிறார்கள் என்றால், மிச்ச ஐந்து மாதத்துக்கு 5 இலட்சத்தின் கடன் வட்டி 20,833 ரூபா. அதே காலத்தில் அந்த 5 இலட்சம் வைப்பில் 16,667 உழைக்கும். வரியை விட்டுப் பார்த்தால் உண்மைச் செலவு நாலாயிரத்துச் சொச்சம்தான். வீதங்கள் வங்கிக்கு வங்கி மாறும், ஆகவே பத்திரத்தில் கையெழுத்து வைக்க முன்னரே முறிப்பு வீதத்தையும் கடன் வீதத்தையும் கேட்டு எழுதி வையுங்கள்.

இனிக் காணி. அதே 5 இலட்சத்துக்காக ஒரு பரப்பில் கால்வாசியை விற்க முடியாது. அவ்வளவு சிறிய துண்டைப் பிரிக்கப் பிரதேச சபை அனுமதி கிடைப்பது கடினம். கிடைத்தாலும் பாதை இல்லாத இரண்டரைப் பேர்ச்சை யார் வாங்குவார்? முழுவதையும் விற்பதென்றால், வாங்குபவரின் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தோம்பு பார்ப்பார். ஈடு, வழக்கு ஏதும் பதிந்திருக்கிறதா என்று தேடுவார். நில அளவைப் படம் பழையதென்றால் புதிதாக அளக்கச் சொல்வார். பிறகு தேசவழமை வருகிறது. காணியில் பங்காளர் இருந்தால் அவர்களுக்கும், உங்கள் வாரிசுகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் அறுதி எழுதினால், பின்னர் அந்த விற்பனையையே நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாக்கலாம். காணி தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணின் பெயரில் இருந்தால் கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். பங்காளர் ஒருவர் கனடாவில் இருந்தால் அவருடைய அற்றோணித் தத்துவம் வந்து பதியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எல்லாம் சரியாக இருந்தாலும் வாங்க ஆள் வேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து விலை கேட்பவர்கள் கனபேர். ஆனால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, இரட்டைக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பிரஜையின் பெயருக்குப் பொதுவாகக் காணியை விற்க முடியாது. விலை கேட்பவர்களில் ஒரு பகுதியை இப்படியே கழிக்க வேண்டும். மிஞ்சியவர்களுக்கு உங்கள் அவசரம் தெரிந்தால் விலை இறங்கும். காணியின் உண்மையான நட்டம் தரகுக் காசில் அல்ல, இங்கேதான்.

இதனால் வைப்பே சிறந்தது என்று சொல்லவில்லை. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோது வைப்பில் கிடந்த காசு சுலபமாகக் கைக்கு வந்தது, ஆனால் அதற்கு வாங்கக்கூடியது சுருங்கிப்போனது. பெறுமதி காப்பது வேறு, வேளைக்குக் காசாவது வேறு.

உங்களிடம் இருப்பது இந்த 20 இலட்சம் மட்டும்தான் என்றால் முழுவதையும் காணியில் போட வேண்டாம். ஒரு வருடச் செலவும் தெரிந்த கடமைகளும் வைப்பில் இருந்த பிறகு மிஞ்சுவதற்கே காணி. வைப்பிலும், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் வைப்புக் காப்புறுதி. அதனால் இரண்டு வங்கியில் பிரித்துப் போடுங்கள். காணி வாங்குவதென்றால், விலை மலிவு என்று பிரிபடாத பங்கை மட்டும் வாங்காதீர்கள். அதை விற்கப்போகும் நாளில் முதலில் தேடிப் பிடிக்க வேண்டியது வாங்குபவரை அல்ல, மற்றப் பங்காளர்களை.