இரண்டாவது அம்மா எங்கிருந்து வந்தார்?

கேள்வி: அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நெட்டுவாக்குப் படம். அகலமாக்க, படத்தின் ஓரத்துக்கு வெளியே ஏஐ கொண்டு புதிதாக வரைந்து நீட்டும் ஒரு அவுட்பெயின்டிங் ஆப்பில், ‘பச்சைச் சால்வை போர்த்திய வயதான பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், படத்தை விரிவாக்கு’ என்று எழுதினேன். வலது பக்கம் இன்னொரு அம்மா வந்து உட்கார்ந்துவிட்டார்! பத்து கிரெடிட் போச்சு. ஏமாற்று ஆப்பா?

பதில்: ஆப் ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்டதைத்தான் வரைந்திருக்கிறது. சில கருவிகள் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. ஓரத்தில் ஒரு சதுரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்தச் சதுரத்துக்குள் அம்மா இல்லை, ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்த பிராம்ப்டில் இருக்கிறார், அதனால் வரைந்துவிடுகிறது. ‘விரிவாக்கு’ என்ற சொல்லாலும் பயனில்லை, ஏனென்றால் இந்த வகைக் கருவிகளில் பிராம்ப்ட் என்பது பெரும்பாலும் கட்டளை இல்லை, காலி இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்ற வர்ணனை.

ஆகவே அம்மாவை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். அங்கே என்ன சுவர், தரையில் பலகைக் கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, பின்னணி எவ்வளவு மங்கல்? அவ்வளவையும் எழுதுங்கள், வேறெதுவும் வேண்டாம். உங்கள் படம் ஜன்னலோரத்து அறை என்றால் இப்படி:

```
plain grey wall, wooden floorboards continuing,
soft window light from the left,
slightly out of focus, empty room
```

சதுரத்தை நகர்த்தும் வசதி இருந்தால், அதில் கால் பங்காவது பழைய படம் இருக்கட்டும். வெறும் விளிம்பை மட்டும் காட்டினால் தரைக்கோடு எந்தச் சாய்வில் போகிறது என்று கருவிக்குப் பிடிபடாது, ஒட்டுமிடத்தில் பலகை முறிந்து நிற்கும். முதலில் ஒரு பக்கத்தை முடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் மறுபக்கம் போங்கள். போட்டோஷாப்பின் Generative Expand-இல் பிராம்ப்ட் பெட்டியைக் காலியாகவே விடலாம். இந்த மாதிரிப் படத்துக்கு நான் முதலில் அதைத்தான் செய்து பார்ப்பேன்.

கேள்வி: தாத்தா படத்தை விரித்துப் பெரிதாக அச்சடித்துத் தருவதாகச் சொன்னார்கள். முகம் துல்லியம், இரண்டு பக்கமும் புகை மூட்டம். கேட்டால் ‘பழைய படம், அப்படித்தான் வரும்’ என்கிறார்கள்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பழைய படம் காரணமென்றால் முகமும் சேர்ந்தே மங்கியிருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மூலக் கோப்பு 2400 × 3600 பிக்சல் என்று வைப்போம். 18 × 12 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம், 5400 × 3600 வேண்டும். அதாவது பக்கத்துக்கு 1500 பிக்சல் அகலத்தில் புதிதாக வரைய வேண்டும், உயரம் 3600. ஒரே மூச்சில் நீண்ட பக்கத்துக்கு 1024 பிக்சல் மட்டுமே வரையும் கருவியில் இதைச் செய்தால், வரைந்ததை மூன்றரை மடங்கு இழுத்து ஒட்டுகிறது. அந்த இழுப்புதான் உங்கள் புகை மூட்டம். சிறு சிறு துண்டாக வரைந்து சேர்த்திருந்தால் இது வந்திருக்காது, நேரமும் கிரெடிட்டும் கூடுதலாகும், அதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கே ஆறாத கோபம் உண்டு. ஒரு விரிப்புக் கருவிக்கு நான் ஓராண்டுச் சந்தா கட்டினேன். மாதிரிப் படங்கள் எல்லாம் கடல், வானம், புல்வெளி. வீட்டுக் கூடத்துப் படத்தைப் போட்டதும் தரை ஓடுகள் ஓரத்தில் வளைந்தன, ஜன்னல் கம்பி பாதியில் கரைந்தது. வானத்தை எந்தக் கருவியும் நீட்டிவிடும். நேர்கோடு, விளிம்பில் வெட்டுப்பட்ட கை, எழுத்துப் பலகை, இவைதான் சோதனை. இவற்றைக் காட்டாத விளம்பரத்தை நான் இப்போது நம்புவதில்லை.

டிஜிட்டல் கோப்பைக் கேட்டு வாங்கி 100 சதவீத அளவில் வைத்து, ஒட்டுமிடத்துக்கு இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மணல் மணலாகவும் மறுபக்கம் வழுவழுப்பாகவும் இருந்தால் அதைக் காட்டி மறு அச்சு கேளுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: இலவச ஆப்பில் விரித்த படத்தை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ஓரத்தில் ஆப்பின் பெயர் முத்திரை இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அச்சுக்கு அனுப்புமுன் படத்தை ஒருமுறை முழுசாகப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: விற்க வைத்திருக்கும் வீட்டின் படத்தை விரித்துப் போட்டால் அறை பெரிதாகத் தெரிகிறது. தவறா?

பதில்: தவறு. இல்லாத சுவரை விற்கிறீர்கள்.

கேள்வி: எங்கள் குடும்பப் படத்தின் ஓரத்தில் அப்பாவின் தோள் மட்டும் இருக்கிறது. விரித்தால் அவர் முகம் வருமா?

பதில்: வராது. வேறு யாரோ ஒருவருடைய முகம் அந்தத் தோளில் வந்து உட்காரும், பார்க்கவே மனசு கஷ்டப்படும். பணம் கட்டாதீர்கள். ஃபிலிமில் எடுத்த படமென்றால் நெகட்டிவ்வைத் தேடுங்கள். பிரிண்ட் போடும்போது ஓரங்கள் வெட்டுப்படுவது வழக்கம். நெகட்டிவ்வை முழுதாக ஸ்கேன் செய்தால் இன்னும் கொஞ்சம் அப்பா கிடைக்கலாம்.