மாட்டிக்கொண்டு நின்ற ரோபோ விடுபட்டதும் ஏன் பாய்கிறது?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரி இறுதியாண்டுத் திட்டத்துக்காக, வீவக புளோக்கில் பார்சல் கொண்டுபோகும் ரோபோ செய்கிறோம். 24 வோல்ட் மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக்கு வெறும் PI. Kp 15, Ki 30. 0.6 மீ/வி வேகத்தில் வரும்போது மின்தூக்கி வாசல் விளிம்பில் சக்கரம் மாட்டி 8 வினாடி நின்றது. விடுபட்டதும் முழு வேகத்தில் பாய்ந்து எதிர்ச்சுவர்வரை போய்விட்டது. Ki-யைக் குறைத்தால் சரியாகுமா? – ஈசூன் வாசகர்

பதில்: ஆகாது. Ki எவ்வளவாக இருந்தாலும் உங்கள் ரோபோ அந்த 8 வினாடியில் இழந்த தூரத்தைத் திருப்பி எடுக்கத்தான் பார்க்கும். PI-யின் I பகுதியான இன்டெக்ரல், கேட்ட வேகத்துக்கும் கிடைத்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது வேகப் பிழையை, தொடர்ந்து கூட்டுகிறது; அப்படிக் கூட்டினால் கிடைப்பது தூரம். 0.6 மீ/வி கேட்டு, கிடைத்தது பூஜ்ஜியம் என்றால், 8 வினாடியில் 4.8 மீட்டர் கடன். இன்டெக்ரல் அந்தக் கடனை நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறது. ரோபோ கேட்ட வேகத்துக்கு மேல் ஓடி அந்த 4.8 மீட்டரையும் அடைத்த பிறகுதான் இன்டெக்ரல் பழைய நிலைக்கு இறங்கும். Ki-யைக் குறைத்தால் கடனை அடைக்கும் விதம் மாறும், கடன் மாறாது. கூடவே சரிவுப் பாதையில் ரோபோ தளர்ந்துபோகும்.

வோல்ட்டில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உங்கள் ரோபோ 1 மீ/வி வேகத்துக்கு 20 வோல்ட், அசையத் தொடங்க 1.2 வோல்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.6-இல் சீராக ஓட 13.2 வோல்ட் தேவை. PI மட்டும் இருப்பதால் அது முழுக்க இன்டெக்ரலில்தான் உட்கார்ந்திருக்கும். நின்ற 8 வினாடியில் அதன்மேல் 30 × 0.6 × 8, அதாவது 144 வோல்ட் சேர்ந்து 157 ஆகிறது. மோட்டாருக்குப் போவது 24 வோல்ட்டுக்கு மேல் இல்லை என்றாலும் உள்ளே எண் ஏறிக்கொண்டே இருக்கிறது. விடுபட்டதும் ரோபோ அதன் உச்ச வேகமான 1.14 மீ/வி-ஐத் தொடும். அங்கே இன்டெக்ரல் வினாடிக்கு 16 வோல்ட் வீதம்தான் இறங்கும். மொத்தக் கட்டளை 24-க்குக் கீழே வரவே ஏழரை வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் ரோபோ 8 மீட்டருக்கு மேல் போய்விடும்; உங்களுக்குச் சுவர் முந்திக்கொண்டது.

எல்லோரும் முதலில் செய்யும் ஆன்டி-வைண்டப், கட்டளை 24 வோல்ட்டைத் தொட்டதும் இன்டெக்ரல் ஏறுவதை நிறுத்துவது. 0.6-க்கு அது நன்றாகவே வேலை செய்யும். நின்றிருக்கும்போது Kp தருவது 15 × 0.6, அதாவது 9 வோல்ட், ஆகவே இன்டெக்ரல் 15-இல் நின்றுவிடும். தேவை 13.2, மிச்சம் 1.8 வோல்ட்தான். சோதனையில் அழகாக இருக்கும், முடிந்தது என்று நினைத்துவிடுவீர்கள்.

சிக்கல் மெதுவாகப் போகும்போது வரும். மின்தூக்கி வாசலை 0.2 மீ/வி வேகத்தில் கடக்கச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். அப்போது Kp தருவது வெறும் 3 வோல்ட். கட்டளை 24-ஐத் தொடும்வரை இன்டெக்ரல் 21-க்கு ஏறும், 0.2-க்குத் தேவையோ 5.2. விடுபட்ட கணத்தில் கிட்டத்தட்ட 16 வோல்ட் உபரி இருக்கும். கேட்டதைப்போல மூன்று மடங்கு வேகத்தில், 0.6-ஐ ஒட்டி, ரோபோ துள்ளும். குழந்தை வண்டியோடு ஒருவர் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் இடத்தில் இது நடக்கக் கூடாது.

இங்கேதான் ஃபீட்ஃபார்வர்ட் வேண்டும். பலர் அதை வேகமாகப் பதிலளிக்க உதவும் ஒன்று என்றுதான் நினைக்கிறார்கள். எனக்கு அதன் பெரிய பயன் வேறு: இந்த வேகத்துக்கு இத்தனை வோல்ட் என்று முன்கூட்டியே தெரிந்ததை அது கொடுத்துவிடுவதால், இன்டெக்ரலுக்கு வேலையே குறைந்துவிடுகிறது. பாட்டரி இறங்குவது, சரிவு, சுமை மாறுவது போன்ற சில்லறை வித்தியாசம் மட்டும்தான் மிச்சம். அதற்கு 3 வோல்ட் போதும். ஆகவே இன்டெக்ரலுக்கென்று தனியாக ±3 வரம்பு போடலாம். வெறும் PI-யில் இந்த வரம்பைப் போட்டால் ரோபோ 0.6-ஐ எட்டவே எட்டாது. அதே சமயம், ஃபீட்ஃபார்வர்டைச் சேர்த்துவிட்டு இந்த வரம்பை மறந்தால் பயனில்லை. 0.2-இல் அதே 16 வோல்ட் உபரிதான் சேரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

```
e  = v_ref - v
ff = kS*sign(v_ref) + kV*v_ref + kA*a_ref
u  = ff + Kp*e + I
u_sat = clamp(u, -Vbat, Vbat)
if u == u_sat or e*u < 0:
    I = clamp(I + Ki*e*dt, -3, 3)
```

`e*u < 0` என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். கட்டளை உச்சத்தில் இருந்தாலும் இன்டெக்ரல் இறங்க விரும்பினால் இறங்க விட வேண்டும். இல்லாவிட்டால் உச்சத்திலேயே பூட்டிக்கொள்ளும். `Vbat` என்பது அந்த நேரத்தில் அளந்த பாட்டரி வோல்ட். 24 என்று எழுதிவிடாதீர்கள்.

kS, kV இரண்டையும் அளப்பது அரைமணி நேர வேலை. PI-யை அணைத்துவிட்டு, வழக்கமான சுமையோடு, தரையில் ஓட விடுங்கள். சக்கரத்தைத் தூக்கி வைத்து அளந்தால் kS பொய்யாக வரும். 6 வோல்ட்டில் 0.24, 12-இல் 0.54, 18-இல் 0.84 என்று வந்தால் புள்ளிகள் ஒரே கோட்டில் விழும். சரிவு 20, அதுதான் kV. கோடு வேகம் பூஜ்ஜியத்தில் வெட்டும் இடம் 1.2, அதுதான் kS. வேகம் கூட்டும்போது முதல் நொடியில் பின்தங்கினால் kA-வைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

இந்த மாற்றத்துக்குப் பிறகு 0.2-இல் எவ்வளவு நேரம் மாட்டி நின்றாலும் உபரி 3 வோல்ட்தான். வேகம் சுமார் 0.28-க்குப் போய் ஓரிரு வினாடியில் அடங்கும். கூடுதலாகப் போகும் தூரம் 10 சென்டிமீட்டர்.

இதற்கு ஒரு விலை உண்டு. நின்றிருக்கும்போது மோட்டாருக்குப் போவது இப்போது 11 வோல்ட்தான், அதனால் விளிம்பை ஏறாமல் அங்கேயே நிற்கலாம். இன்டெக்ரல் ஏறி ஏறி ரோபோவைத் தள்ளிவிடும் என்று நம்பியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். சுழலாத மோட்டாருக்குக் கொடுக்கும் மின்சாரம் முழுக்க வெப்பமாகத்தான் போகும். கட்டளை 8 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் வேகம் 0.02-க்குக் கீழே அரை வினாடி நீடித்தால் மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்து, இன்டெக்ரலைப் பூஜ்ஜியமாக்கி, 15 சென்டிமீட்டர் பின்னால் வந்து மறுபடி ஏறச் சொல்லுங்கள். மறுபடி கிளம்பும்போது `v_ref` அளந்த வேகத்திலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். வெளியே நிலைக் கட்டுப்பாடு ஓடினால் அதன் இலக்கையும் ரோபோ நிற்கும் இடத்துக்கு இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த 4.8 மீட்டர் கடன் அங்கே சேர்ந்து, அதே பாய்ச்சல் வேறு வாசல் வழியாக வரும்.

நான் ஒருமுறை இரண்டு நாள் தேடியது வேறோர் இடத்தில். ஒரு கிடங்கு வண்டியில் கட்டளை 17 வோல்ட்டைத் தாண்டாத நிலையிலும் இன்டெக்ரல் ஏறிக்கொண்டே போனது. மோட்டார் டிரைவர் தன் மின்னோட்ட வரம்பில் நின்று, நான் கேட்டதில் பாதியைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. `u == u_sat` என்ற சோதனைக்கு அது தெரியவே தெரியாது. டிரைவர் வரம்பைத் தொட்டதைச் சொல்லும் சிக்னல் இருந்தால் அதையும் நிபந்தனையில் சேருங்கள். இல்லையென்றால் அந்த ±3 மட்டும்தான் காவல்.

சோதிக்க, ரோபோவை ஒரு மெத்தையில் முட்ட வைத்து 8 வினாடி கழித்து மெத்தையை விலக்குங்கள், 0.2-இல் ஒருமுறை, 0.6-இல் ஒருமுறை. `v`, `v_ref`, `u`, `I` நான்கையும் பதிவு செய்யுங்கள். 0.2-இல் `I` கோடு சுமார் அரை வினாடியில் 3-ஐத் தொட்டுத் தட்டையாக நிற்க வேண்டும். 0.6-இல் கட்டளை முதலில் 24-ஐத் தொட்டுவிடுவதால் 1.8-ஐ ஒட்டியே நின்றுவிடும். மாட்டிக்கொண்டதைக் கண்டுபிடிக்கும் பகுதியை இந்தச் சோதனை முடியும்வரை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் அது குறுக்கே வந்து `I`-யைப் பூஜ்ஜியமாக்கிவிடும்.