2013 ஏப்ரலில் தங்கம் சரிந்த கதை

2011-ல் உச்சத்தில் இருந்த தங்கம் 2013-ல் ஏன் அப்படித் திடீரென்று விழுந்தது?

பயம் விலகியதுதான் அடிப்படை. 2008 நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க மத்திய வங்கி பத்திரங்களை வாங்கிப் பணத்தை வாரி இறைத்தது. பணவீக்கம் வெடிக்கும் என்று நம்பியவர்கள் தங்கத்தில் குவிந்தார்கள். 2011 செப்டம்பரில் அவுன்ஸ் 1,900 டாலரைத் தாண்டியது. ஆனால் பணவீக்கம் வரவில்லை, பங்குச்சந்தைதான் ஏறியது.

2013 ஏப்ரலில், கடன் நெருக்கடியில் இருந்த சைப்ரஸ் நாடு தன் தங்கத்தை விற்கலாம் என்று செய்தி வந்தது. சின்ன அளவுதான். ஆனால் அடுத்து, தங்கம் ஏராளமாக வைத்திருக்கும் இத்தாலியும் விற்றால்? ஏப்ரல் 12, 15 என இரண்டே வர்த்தக நாட்களில் விலை சுமார் 200 டாலர் இறங்கியது. முன்பேர வணிகத்தில் கொஞ்சம் பணம் மட்டும் கட்டி வாங்கியவர்கள், விலை இறங்கியதும் கேட்கப்பட்ட கூடுதல் பிணைத்தொகையான மார்ஜினைக் கட்ட முடியாமல் விற்றார்கள். அந்த விற்பனையே விலையை மேலும் தள்ளியது. அப்புறம் ஜூனில், பத்திரக் கொள்முதலைக் குறைப்போம் என்று அந்த வங்கியின் அன்றைய தலைவர் பெர்னான்கி சொல்ல, 1,200-க்கும் கீழே போனது.