ஆன்டிபயாட்டிக் முடிந்த பின் வரும் பேதி: வாசகர் கேள்விகளுக்கு ஒரு குடல் மருத்துவரின் பதில்கள்

என் நான்கு வயது மகளுக்குக் காதுவலிக்காக அமாக்சிசிலின்–கிளாவுலனேட் சிரப் கொடுத்தார்கள். இரண்டாம் நாளிலிருந்து நான்கு முறை இளகிப் போகிறாள். விளையாட்டில் குறைவில்லை. மருந்தை நிறுத்திவிடலாமா? — ஒரு தாய், திண்டுக்கல்

நிறுத்த வேண்டாம். கிளாவுலனேட் பகுதி குடலின் அசைவைத் தானாகவே கூட்டும். மருந்து தொடங்கிய ஓரிரு நாளில் வரும் இந்தப் பேதி பெரும்பாலும் அதனால்தான். உணவின் முதல் வாய்க்கு முன்னதாக மருந்தைக் கொடுங்கள், நீராகாரத்தைக் கூட்டுங்கள். பொடியில் நீர் கலந்தபோது புட்டியில் உள்ள கோடு வரை சரியாக நிரப்பினீர்களா என்று ஒருமுறை பாருங்கள். நீர் குறைந்தால் ஒவ்வொரு கரண்டியிலும் மருந்து கூடிவிடும். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, பிள்ளை குடிக்க மறுத்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை சாப்பிட்டேன், பேதியாகிறது. என்ன செய்வது? — வாசகர், சேலம்

எந்த மாத்திரை, எத்தனை நாள், உங்கள் வயது என்ன, ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது என்று எதுவுமே எழுதாமல் பதிலை மட்டும் கேட்கிறீர்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, மருந்தின் பெயரையும் தொடங்கிய தேதியையும் முடிந்த தேதியையும் ஒரு தாளில் எழுதுங்கள். நாங்கள் பேதி என்று கணக்கில் கொள்வது, இருபத்து நான்கு மணி நேரத்தில் மூன்று முறை அல்லது அதற்கு மேல், பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரத்தின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இளகிய மலம் போவதைத்தான். காலையில் ஒருமுறை சற்று இளகிப் போனது அதில் சேராது.

ஆன்டிபயாட்டிக் முடித்து ஆறு வாரம் ஆகிறது. இப்போது வரும் பேதிக்கும் அதற்கும் தொடர்பிருக்க முடியுமா? — வாசகர், காரைக்குடி

முடியும். பெரும்பாலும் முதல் மாதத்துக்குள் வரும். மூன்று மாதம் வரையிலும் அந்த மருந்தைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் தேதியை எழுதுங்கள் என்று ஓயாமல் சொல்கிறேன்.

68 வயதான என் அம்மாவுக்குப் பல் பிடுங்கியபோது கிளின்டமைசின் ஐந்து நாள் கொடுத்தார்கள். அது முடிந்து ஒன்பதாம் நாள் தண்ணீராகப் பேதி தொடங்கி, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை போனது, இரவிலும் எழுந்து போனார். மருந்துக் கடையில் ஓஃப்ளோக்சசின்–ஆர்னிடசோல் மாத்திரையும் பேதியை நிறுத்தும் லோபராமைடும் கொடுத்தார்கள். இரண்டு நாளில் பேதி நின்றது. மூன்றாம் நாள் வயிறு உப்பி, காய்ச்சல் வந்து, பேச்சுத் தடுமாறவே மருத்துவமனையில் சேர்த்தோம். வெள்ளணு 19,000, கிரியாட்டினின் 1.7, எக்ஸ்ரேயில் பெருங்குடல் விரிந்திருந்தது. சி. டிஃப் என்றார்கள். இப்போது பிழைத்துவிட்டார். நாங்கள் எதைக் கவனித்திருக்க வேண்டும்? — ஒரு மகள், கும்பகோணம்

இப்படித்தான் ஒரு கடிதம் எழுதப்பட வேண்டும். உங்கள் அம்மா பிழைத்ததில் மகிழ்ச்சி. அவரைப் படுக்கையில் தள்ளிய சங்கிலியின் ஒரு கண்ணியைப் பற்றி நான் பல ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருக்கிறேன் என்பதால், இந்தப் பதில் மற்றவற்றைவிட நீளும்.

ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு வரும் பேதியில் பெரும்பகுதி சாதாரணமானது. மருந்து குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களைக் குறைத்துவிடுவதால், அவை செரித்திருக்க வேண்டிய மாவுப்பொருளும் பித்த அமிலங்களும் அப்படியே தங்கி, நீரை இழுத்து மலத்தை இளக்குகின்றன. அத்தகைய பேதியில் காய்ச்சல் இராது, வலி அதிகமிராது, உணவைக் குறைத்தால் பேதியும் குறையும், மருந்து நின்ற சில நாளில் தானாக அடங்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மட்டும் காரணம் வேறு: க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், சுருக்கமாக சி. டிஃப். இந்தக் கிருமி ஸ்போர் எனப்படும் உறங்கும் வித்தாகக் குடலுக்குள் வந்து, நல்ல நுண்ணுயிர்கள் இருக்கும்வரை முளைக்க இடமின்றிக் கிடக்கும். அவை அழிந்ததும் முளைத்து, பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் நச்சுகளைச் சுரக்கும். இதற்கு வழிவிடும் மருந்துகளில் கிளின்டமைசின் முன்வரிசையில் நிற்பது. அதனுடன் ஓஃப்ளோக்சசின், சிப்ரோஃப்ளோக்சசின் வகையும், செஃபிக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களும் நிற்கின்றன.

இப்போது உங்கள் அம்மாவின் கதைக்கு வாருங்கள். வயது 65ஐத் தாண்டியவர், கிளின்டமைசின் உட்கொண்டவர், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. இந்த நான்கும் சேர்ந்தால், வேறு எதையும் யோசிக்கும் முன் மலப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்த நாளில் அவருக்குத் தேவைப்பட்டது உப்புச் சர்க்கரைக் கரைசலும் ஒரு மருத்துவரும்.

அவருக்குக் கிடைத்ததோ ஓஃப்ளோக்சசின்–ஆர்னிடசோல். நம்முடைய மருந்துக் கடைகளில் 'லூஸ் மோஷன்' என்ற சொல் காதில் விழுந்த உடனே, கை தானாகப் போய் எடுக்கும் அட்டை இது. ஆன்டிபயாட்டிக்கால் நல்ல நுண்ணுயிர்களை இழந்து பேதியாகும் ஒருவருக்கு, மிச்சமிருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் துடைத்தெடுக்கும் இன்னொரு ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பது, எரியும் கூரையின் மேல் வைக்கோல் போடுவதற்குச் சமம். அட்டையின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோட்டின் பொருள், மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, வாங்கவும் கூடாது என்பது. கடைக்காரரை மட்டும் நான் குறை சொல்லவில்லை. "போன முறை இதுதானே கேட்டது" என்று அட்டையின் பெயரைச் சொல்லி வாங்குகிற படித்தவர்களும் என்னிடம் வருகிறார்கள். ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு வந்த பேதிக்கு நீங்களாக இன்னொரு ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள்.

அடுத்தது லோபராமைடு. அது குடலின் அசைவை நிறுத்தியதே தவிர, நச்சை நிறுத்தவில்லை. வெளியேற வேண்டிய நச்சு உள்ளே தங்கியதுடன், பேதி நின்றது குணமானதைப் போல் வீட்டாரை ஏமாற்றியது. இந்நோயில் நான் மிகவும் அஞ்சுவது, பேதி திடீரென நின்று வயிறு உப்பும் நேரத்தைத்தான். நோய் முற்றும்போது பெருங்குடல் செயலிழப்பதால், லோபராமைடு இல்லாமலும் அப்படி நடக்கும். எக்ஸ்ரேயில் பெருங்குடல் 6 செ.மீ.க்கு மேல் விரிந்திருந்தால், அறுவை மருத்துவரையும் அழைத்து வைத்துக்கொள்கிறோம். வெள்ளணு 15,000ஐத் தாண்டுவதோ, கிரியாட்டினின் 1.5ஐத் தாண்டுவதோ கடுமையான நோயின் அடையாளம். உங்கள் அம்மாவுக்கு இரண்டுமே தாண்டியிருந்தன.

சிகிச்சையில் ஒரு நுட்பம் உண்டு. வாங்கோமைசினை இந்நோய்க்கு வாய்வழியாகத்தான் கொடுக்க வேண்டும், ஏனெனில் நரம்பில் ஏற்றினால் அது குடலின் உட்புறத்தை எட்டாது. மாத்திரை கிடைக்காத இடங்களில் ஊசிமருந்துக் குப்பியின் பொடியையே நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறோம். வழக்கமான அளவு 125 மி.கி. வீதம் நாளுக்கு நான்கு முறை, பத்து நாள். குடல் செயலிழந்த நிலையில் ஒவ்வொரு முறையும் 500 மி.கி. கொடுத்து, அதனுடன் மெட்ரோனிடசோலை நரம்பில் ஏற்றுகிறோம். முன்பு எல்லாருக்கும் முதலில் கொடுக்கப்பட்ட மெட்ரோனிடசோல் மாத்திரை, இப்போது வாங்கோமைசினோ ஃபிடாக்சோமைசினோ கிடைக்காதபோது, அதுவும் லேசான நோயில் மட்டும், பயன்படுகிறது.

இனி அவருக்கு எந்த நோய்க்காக எந்த ஆன்டிபயாட்டிக் எழுதினாலும், எழுதுபவரிடம் 'சி. டிஃப் வந்தவர்' என்று முதலில் சொல்லுங்கள். ஐந்தில் ஒருவருக்கு இது சில வாரங்களில் திரும்ப வரும். பேதி மீண்டும் தொடங்கினால் கடைக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். அமில மாத்திரை தினமும் எடுக்கிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. பான்டோபிரசோலைக் காரணம் மறந்து ஆண்டுக்கணக்கில் விழுங்குவோருக்கு இந்நோய் கூடுதலாக வருகிறது. அது இன்னும் தேவையா என்று கேளுங்கள்.

சி. டிஃப் குணமாகி மலம் கெட்டியாகிவிட்டது. 'கிருமி போய்விட்டதா' என்று பார்க்க மறுபடியும் பரிசோதனை செய்தோம், பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. — வாசகர், கோயம்புத்தூர்

காசை வீணாக்கியிருக்கிறீர்கள். குணமான பின்னும் பல வாரம் கிருமி குடலில் ஒட்டிக்கொண்டு பாசிட்டிவ் காட்டும். நோய்க்குச் சிகிச்சையே தவிர, தாளுக்கு இல்லை. கெட்டியான மலத்தை இப்பரிசோதனைக்கு அனுப்பவே கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் மலத்தையும் அப்படித்தான்: பல குழந்தைகள் நோயின்றி இக்கிருமியைச் சுமப்பார்கள்.

தயிர் சாப்பிட்டால் போதுமா, இல்லை புரோபயாட்டிக் மாத்திரை வேண்டுமா? — வாசகி, மதுரை

தயிர் ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள், மருந்தாக எண்ண வேண்டாம். புரோபயாட்டிக் மாத்திரை சாதாரணப் பேதியைச் சற்றுக் குறைக்கலாம், வந்துவிட்ட சி. டிஃப்பைக் குணப்படுத்தாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து உட்கொள்பவரும் கேட்காமல் எடுக்கக் கூடாது.

மாமனாருக்கு சி. டிஃப். வீட்டில் எல்லாரும் சானிட்டைசர் பயன்படுத்துகிறோம். போதுமா? — மருமகள், தஞ்சாவூர்

போதாது. ஆல்கஹால் ஸ்போரைக் கொல்லாது. அவரைத் தொட்ட பின்னும், கழிவறையிலிருந்து வந்த பின்னும், சாப்பிடும் முன்னும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கையைத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு ஸ்போரைக் கொல்வதில்லை, தேய்த்து நீரோடு அடித்துச் செல்ல உதவுகிறது. கழிவறையையும் கதவுப் பிடியையும் குழாய்த் திருகையும் குளோரின் உள்ள வெளுப்பு நீரால் துடையுங்கள், அத்துடன் வேறெந்தத் துப்புரவு திரவத்தையும் கலக்காமல். தனிக் கழிவறை இருந்தால் பேதி நின்று இரண்டு நாள் வரை அவருக்கே விடுங்கள்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு டம்ளருக்குக் கொஞ்சமாகப் போட்டுக் குடிக்கலாமா? — வாசகர், நாகர்கோவில்

கூடாது. பெரிய பொட்டலம் முழுவதும் ஒரு லிட்டர் நீருக்கு. கண்ணளவாகப் போட்டால் உப்பு கூடவோ குறையவோ செய்யும். கலந்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

வாங்கோமைசின் தொடங்கி நான்காம் நாளே பேதி நின்றுவிட்டது. மீதியை நிறுத்திவிடலாமா? விலை அதிகம். — வாசகர், திருச்சி

பத்து நாளும் முடியுங்கள். விலை பொறுக்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி, ஊசிமருந்துக் குப்பியைக் கரைத்துக் குடிக்கும் முறைக்கு மாறலாமா என்று கேளுங்கள், 500 மி.கி. குப்பி ஒன்று ஒரு நாளின் நான்கு வேளைக்கும் வரும்.