மாதிரித் துண்டிலிருந்து கண்ணி எண்ணிக்கைக்கு: உடலை ஒட்டிய ஸ்வெட்டர் பற்றிய கேள்வி-பதில்

பத்து சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணிகள் அடங்குகின்றன, அதே அளவு உயரத்தில் எத்தனை வரிசைகள் அடங்குகின்றன என்பதையே கேஜ் என்கிறோம். தளர்வான மேலாடையில் இது சற்றுப் பிசகினாலும் பெரிதாகத் தெரியாது. உடலை ஒட்டி நிற்க வேண்டிய ஸ்வெட்டரில் அந்தப் பிசகு அப்படியே வெளியே தெரியும். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தையே சுற்றி வந்ததால், அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதிலளிக்கிறேன்.

கேள்வி: பேட்டர்னில் 10 செ.மீ.க்கு 22 கண்ணிகள் என்று இருந்தது. நானும் 22 கண்ணிகள் ஏற்றி ஒரு சிறு துண்டு பின்னினேன்; அகலம் சரியாக 10 செ.மீ. இருந்தது. ஆனாலும் ஸ்வெட்டர் பெரிதாகிவிட்டது. ஏன்?

நீங்கள் அளந்தது துண்டின் முழு அகலத்தை. அளந்திருக்க வேண்டியது அதன் நடுப்பகுதியை. இரு ஓரங்களிலும் உள்ள கண்ணிகளுக்கு ஒரு பக்கத்தில் அண்டைக் கண்ணி இல்லாததால் அவை மற்றவற்றைப்போல் நிற்பதில்லை. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று பின்னும்போது ஓரம் உள்நோக்கிச் சுருளவும் செய்யும். கண்ணி ஏற்றிய முதல் வரிசையும், முடித்த கடைசி வரிசையும் தம்மை அடுத்த பகுதியை இழுத்துப் பிடிக்கின்றன. ஆகவே துண்டு குறைந்தது 15 செ.மீ. அகலமும் அதே அளவு உயரமும் இருக்கட்டும். அதைத் தட்டையாக வைத்து, ஓரங்களை விட்டு உள்ளே தள்ளி, 10 செ.மீ.க்குள் வரும் கண்ணிகளை இரண்டு மூன்று இடங்களில் எண்ணுங்கள். அரைக் கண்ணி வந்தால் அதை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு கண்ணி என்ன செய்யும் என்று பாருங்கள். மார்புப் பகுதியில் சுற்றிலும் 190 கண்ணிகள் இருந்தால், 22 கேஜில் அது சுமார் 86 செ.மீ.; உண்மையான கேஜ் 21 ஆக இருந்தால் 90 செ.மீ.க்குச் சற்று மேல். 90 செ.மீ. மார்பளவு உள்ளவருக்கு முதலாவது உடலை மெல்லப் பற்றி நிற்கும். இரண்டாவது வெறுமனே தொங்கும்.

கேள்வி: மாதிரித் துண்டைக் கட்டாயம் துவைத்துத்தான் அளக்க வேண்டுமா?

ஆம். முடிந்த ஸ்வெட்டரை எப்படித் துவைக்கப்போகிறீர்களோ, எப்படி உலர்த்தப்போகிறீர்களோ, அதையே துண்டுக்கும் செய்துவிட்டு அளக்க வேண்டும். ஊசியில் இறுக்கமாக நின்ற நூல் தண்ணீரில் நனைந்ததும் தளர்ந்து தன் இடத்தில் அமர்கிறது. இயந்திரத்தில் துவைக்கத் தகுந்தவாறு பதப்படுத்திய கம்பளி நூல் சில சமயம் கணிசமாக நீண்டுவிடும். ஸ்வெட்டரைக் குண்டூசி குத்தி இழுத்து உலர்த்தும் எண்ணம் இல்லாவிட்டால் துண்டையும் அப்படி இழுக்காதீர்கள். அந்த அளவு ஆடையில் நிலைக்காது. பருத்தி நூலானால், உலர்ந்த துண்டின் கீழ்விளிம்பில் சில கிளிப்புகளை மாட்டி ஓர் இரவு தொங்கவிட்டுப் பிறகு அளப்பது நல்லது, ஏனெனில் முழு ஆடையின் எடை அதை நீளவாக்கில் இழுக்கத்தான் செய்யும்.

கேள்வி: பேட்டர்ன் 22 கண்ணி கேட்கிறது, துவைத்தபின் எனக்கு 20.5 வருகிறது. துணி தொடுவதற்கு அழகாக இருக்கிறது. ஊசியை மாற்றுவதா, கணக்கை மாற்றுவதா?

உங்கள் கண்ணிகள் பெரிதாக இருக்கின்றன. எனவே முதலில் அரை மில்லிமீட்டர் சிறிய ஊசியில் இன்னொரு துண்டு பின்னிப் பாருங்கள். அதில் 22 வந்து துணியும் மென்மையாகவே இருந்தால் பேட்டர்னை அப்படியே பின்பற்றலாம். துணி விறைத்துப்போனால் அந்த ஊசியை விட்டுவிட்டு எண்ணிக்கையை மாற்றுவதே சரி என்பது என் கருத்து. தினமும் உடுத்தப்போவது அந்தத் துணியைத்தான்.

கணக்கின் தொடக்கம் உடலின் அளவு அன்று, முடிந்த ஆடையின் அளவு. மார்பளவு 90 செ.மீ., ஆடை அதைவிட 4 செ.மீ. குறைவாக இருந்து நீண்டு பொருந்த வேண்டும் என்று கொள்வோம். ஆடையின் சுற்றளவு 86; முன், பின் என இரண்டு பாகங்களாகப் பின்னினால் ஒவ்வொன்றும் 43 செ.மீ. உங்கள் கேஜ் ஒரு சென்டிமீட்டருக்கு 2.05 கண்ணி. 43-ஐ 2.05-ஆல் பெருக்கினால் 88.15, அதாவது 88 கண்ணிகள். பக்கத் தையலுக்குள் மறையும் கண்ணி ஓரத்துக்கு ஒன்று வீதம் இரண்டைக் கூட்டினால் 90. இடையில் எங்கும் முழு எண்ணாக்காமல் கடைசியில் மட்டும் முழு எண்ணாக்குங்கள், 2.05-ஐத் தொடக்கத்திலேயே 2 என்று எடுத்திருந்தால் ஒவ்வொரு பாகத்திலும் இரண்டு கண்ணிகள் குறைந்திருக்கும்.

இந்த எண் கீழ்விளிம்பு ரிப்பிங்குக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்ற ரிப்பிங்குக்கு நான்கின் மடங்கோடு இரண்டு கூடிய எண் வேண்டும். 90 அப்படிப்பட்ட எண்தான். தைத்தபின் இரு பாகங்களின் ஓரத்திலும் எஞ்சும் ஒவ்வொரு நிட் கண்ணியும் சேர்ந்து ஒரு முழு ஜோடியாகிவிடும். பொருந்தாத எண் வந்தால் அருகிலுள்ள பொருந்தும் எண்ணுக்கு நகருங்கள். ஒரு பாகத்தில் இரண்டு கண்ணி நகர்ந்தால் உங்கள் கேஜில் சுமார் ஒரு சென்டிமீட்டர் மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

இடுப்பில் ஆடையின் சுற்றளவு 74 செ.மீ. வேண்டுமானால் ஒரு பாகம் 37 செ.மீ.; பெருக்கினால் 75.85, அதாவது 76. தையலுக்கு இரண்டு சேர்த்து 78. ஆக 90-லிருந்து 78-க்குக் குறைத்து மீண்டும் 90-க்கு ஏற வேண்டும். 12 கண்ணி வித்தியாசம், பக்கத்துக்கு ஆறு. இடுப்பிலிருந்து மார்பு வரை 15 செ.மீ. என்றும், உங்கள் வரிசைக் கேஜ் 10 செ.மீ.க்கு 28 என்றும் வைத்துக்கொண்டால் அந்த இடைவெளியில் 42 வரிசைகள் கிடைக்கும். முதல் வரிசையில் ஒரு முறை கூட்டிவிட்டு, பிறகு எட்டு வரிசைக்கு ஒரு முறை என ஐந்து முறை கூட்டினால் 41-ஆவது வரிசையில் வேலை முடிந்துவிடும். எல்லாக் கூட்டல்களும் நேர்ப்பக்க வரிசையிலேயே விழும் என்பது இதில் கிடைக்கும் வசதி.

கேள்வி: கண்ணிக் கேஜ் பொருந்துகிறது, வரிசைக் கேஜ் மட்டும் 30-க்குப் பதில் 28 வருகிறது. விட்டுவிடலாமா?

"இத்தனை செ.மீ. வரை பின்னுக" என்று பேட்டர்ன் சொல்லும் இடங்களில் விட்டுவிடலாம். "இத்தனை வரிசைக்கு ஒரு முறை" என்று சொல்லும் இடங்களில் விடக் கூடாது. கைப்பகுதி அப்படிப்பட்ட இடம். எட்டு வரிசைக்கு ஒரு முறை என 12 முறை கூட்டச் சொன்னால் அது 96 வரிசை. அவர்கள் கேஜில் 32 செ.மீ., உங்கள் கேஜில் 34 செ.மீ.க்கு மேல். கை விரிய வேண்டிய இடத்தில் இன்னும் குறுகலாகவே இருக்கும், மேற்கையில் பிடிக்கும். 32 செ.மீ.க்கு உங்களுக்கு வேண்டியது சுமார் 90 வரிசைகள். எட்டு வரிசைக்கு ஒன்றாக ஒன்பது முறையும், ஆறு வரிசைக்கு ஒன்றாக மூன்று முறையும் கூட்டினால் 90 சரியாக வரும்.

கேள்வி: ஸ்வெட்டரை வட்டமாகப் பின்னப்போகிறேன். துண்டைத் தட்டையாகப் பின்னி அளந்தால் போதுமா?

போதாது. வட்டப் பின்னலில் நேர்ப்பக்கம் மட்டுமே பின்னுகிறோம். தட்டையாகப் பின்னும்போது பர்ல் வரிசையும் கலக்கிறது, பலருக்கு அது நிட்டைவிடத் தளர்வாக அமையும். சர்க்குலர் ஊசியில் ஒரு வரிசை நிட் பின்னியதும் துண்டைத் திருப்பாமல் கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்புறமாகத் தாராளமாகத் தொங்கவிட்டு மீண்டும் நிட்டே பின்னுங்கள். பின்னால் ஓடும் அந்த நூல் துண்டின் அகலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். இறுகினால் துண்டு குவிந்துகொண்டு கண்ணிகள் உண்மையில் இருப்பதைவிட நெருக்கமாகக் காட்டும்.