கணக்காளர் விளம்பரத்தில் எந்த வரியை மாற்றுவது?

“‘துடிப்பான இளைஞர் தேவை, 30 வயதுக்குள், எம்.காம்., 5 ஆண்டு அனுபவம், கணக்கு சம்பந்தப்பட்ட எல்லா வேலையும்’ என்று போட்டோம். சரியான ஆளே வரவில்லை. எதை மாற்றுவது?”

கடைசி வரியில் தொடங்குங்கள். வேலை என்னவென்று தெளிவானால்தான் எந்தத் தகுதி தேவை என்பது தெரியும். இப்படி எழுதலாம்: “தினமும் டேலியில் பில் பதிவு, வாரம் ஒருமுறை வங்கிக் கணக்கு சரிபார்ப்பு, மாதம் 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் 3பி தாக்கல். தாக்கலுக்கு முன் ஆடிட்டர் பார்ப்பார்.”

இப்போது தகுதிகளைப் பாருங்கள். ஆடிட்டர் மேலே இருக்கும்போது இந்த வேலைக்கு எம்.காம். எதற்கு? பி.காம்., இரண்டு ஆண்டு ஜிஎஸ்டி தாக்கல் அனுபவம் போதும். பெரும்பாலும் வேலையை விட்டுப் போனவரின் தகுதியை அப்படியே எடுத்துப் போட்டிருப்பீர்கள். அவர் சேர்ந்தபோது அவருக்கே அது இருந்ததா என்று பழைய பயோடேட்டாவைப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு தகுதியையும் அடித்துவிட்டு, அது இல்லாமல் முதல் மூன்று மாதத்தில் எந்த வேலை நிற்கும் என்று கேளுங்கள். எதுவும் நிற்காது என்றால் அது வேண்டாம்.

“துடிப்பான இளைஞர்”, வயது வரம்பு இரண்டையும் எடுத்துவிடுங்கள். குழந்தைக்காக இடைவெளி விட்டுத் திரும்பும், பத்தாண்டு அனுபவமுள்ள பெண் அந்த வரியோடு ஒதுங்கிவிடுவார். ஆளெடுப்பில் பாலினப் பாகுபாட்டை 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் தடுக்கிறது.

ஒன்று மட்டும் கவனம்: மார்ச் மாதம் இரவு எட்டு வரை இருக்க வேண்டியிருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். சம்பளம் சந்தையைவிடக் குறைவென்றால், வார்த்தையை மாற்றி மட்டும் ஆள் வராது.