கணக்கில் பெட்டி இருக்கிறது, ஸ்டோரில் இல்லை

கேள்வி: சரக்கு தயாராகி நிற்கிறது. ஆனால் அட்டைப் பெட்டியோ டேப்போ லேபிளோ தீர்ந்துபோய் லாரி காத்துக் கிடக்கிறது. கணக்குப்படி இருப்பு இருக்கிறது. போய்ப் பார்த்தால் இல்லை. என்ன செய்யலாம்?
– ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஒருவர்

பதில்: பெட்டிகள் பேக்கிங் பகுதிக்குக் கட்டுக்கட்டாகப் போகின்றன, பெரும்பாலும் சீட்டு போடாமலே. கிழிந்தது, அச்சு பிசகியது, பக்கத்துப் பிரிவு சாமான் போட்டுவைக்க எடுத்தது எதுவும் பதிவாவதில்லை. விலை குறைந்த பொருள் என்று கடைசி வகையில் தள்ளிவிடுவதால் யாரும் எண்ணிப் பார்ப்பதுமில்லை. விலையை வைத்து இவற்றை வகைப்படுத்தாதீர்கள். எது இல்லாவிட்டால் லாரி நிற்கும் என்று பாருங்கள்.

ஒவ்வொரு பொருளின் பில் ஆஃப் மெட்டீரியலிலும் பெட்டி, டேப், லேபிள் மூன்றையும் சேருங்கள். உற்பத்திப் பதிவு போட்டதும் அவையும் தானாகக் கழியட்டும். பிறகு வாரம் ஒருமுறை அளவுவாரியாக எண்ணுங்கள். மொத்த இருப்பு ஏமாற்றும்: ஐயாயிரம் பெட்டி இருந்தாலும் இன்றைய சரக்குக்கான அளவில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

இருப்பு எவ்வளவுக்கு இறங்கியதும் மறு ஆர்டர் போடுவது என்பதுதான் அடுத்த சிக்கல். ஒரு அளவில் தினம் சராசரியாக 400 பெட்டி செலவு, ஆர்டர் கொடுத்தால் வர 7 நாள் என்று வையுங்கள். இருப்பு 2,800-க்கு வந்ததும் ஆர்டர் போடுவார்கள். எல்லாம் சரியாக நடந்தால்தான் அது போதும். மாதக் கடைசியில் தினம் 550 போகிறது, சப்ளையரும் 3 நாள் தாமதிக்கிறார் என்றால் 10 நாளுக்கு 5,500 வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆர்டர் புள்ளியை 5,500-இல் வைப்பேன். இடம் அடைக்கும்தான், ஆனால் நின்றுபோன லாரியை விட அது மேல். ஈரம் படாத இடமாகப் பாருங்கள், ஈரம் ஏறிய அட்டை பலம் இழந்துவிடும்.

டேப்பை ரோலில் எண்ணாமல் மீட்டரில் கணக்கிடுங்கள். 40 செ.மீ. நீளப் பெட்டியில் மேலும் கீழும் ஒவ்வொரு பட்டை, இருமுனையிலும் 5 செ.மீ. மடிப்பு என்றால் பெட்டிக்கு ஒரு மீட்டர். 65 மீட்டர் ரோலில் வீணாவது போக சுமார் 60 பெட்டி ஒட்டலாம். 400 பெட்டிக்கு 7 ரோல். பத்து ரோல் தீர்கிறது என்றால் பல பெட்டிகளுக்கு இரட்டைப் பட்டை போடுகிறார்களோ என்று பாருங்கள். பசை பிடிக்கவில்லையா, பெட்டியின் மூடி சேரவில்லையா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

லேபிளை மட்டும் அதிகம் வாங்கிக் குவிக்காதீர்கள். வாசகமோ விலையோ மாறினால் அச்சிட்டது முழுக்கக் குப்பை. வெற்று லேபிள் ரோலை வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப அச்சிடுங்கள். ரிப்பன் தேவைப்படும் பிரிண்டர் என்றால் அதையும் ஒரு பொருளாகக் கணக்கில் ஏற்றுங்கள். லேபிள் கட்டுக்கட்டாக இருந்தும் ரிப்பன் இல்லாமல் டிஸ்பேட்ச் நிற்பது அடிக்கடி நடக்கிறது.